சேமக்கலம் அன்று, வாக்கெண்ணி

படத்தில் நேர்கோடுகளைத் தேடும் ஹஃப் உருமாற்றத்தைத் தமிழில் விளக்கும்போது ‘அக்யுமுலேட்டர்’ என்பதைச் சேமக்கலம் என்றெழுதுகிறார்கள். சேமக்கலம் மின்னைச் சேமித்துத் திருப்பித் தருவது. கோடு தேடும் இந்த முறையில் புள்ளி எதுவும் சேமிக்கப்படுவதில்லை.

குவியல் என்று பொருள்படும் ‘குமுலுஸ்’ என்ற லத்தீன் சொல்தான் வேர். பால் ஹஃப் குமிழி அறைப் படங்களில் துகள் தடங்களைக் கண்டறிய வகுத்த முறை 1962-இல் காப்புரிமை பெற்றது. அவர் கோட்டைச் சாய்வாலும் வெட்டுத்துண்டாலும் குறித்தார். செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு முடிவிலியாகிவிடும். அதனால் 1972-இல் டூடாவும் ஹார்ட்டும் ஆதிப்புள்ளியிலிருந்து கோட்டுக்குள்ள செங்குத்துத் தொலைவையும் (ρ) அச்செங்குத்தின் கோணத்தையும் (θ) எடுத்துக்கொண்டார்கள்.

```
ρ = x cos θ + y sin θ
```

விளிம்புப் படத்தில் (2,8), (5,5), (9,1) என மூன்று புள்ளிகள் இருக்கட்டும். அக்யுமுலேட்டர் என்பது ρ, θ இணை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் கொண்ட அட்டவணை. ஒவ்வொரு புள்ளியும் தன் வழியே போகக்கூடிய எல்லாக் கோடுகளுக்கும் அதில் வாக்களிக்கும். θ 0° என்றால் ρ முறையே 2, 5, 9. மூன்று வாக்கும் மூன்று கட்டங்களில் சிதறும். 45° என்றால் மூன்றுக்கும் 7.07. அந்த ஒரு கட்டத்தில் 3 வாக்கு. அதுவே கோடு.

கட்டத்தில் இருப்பது 3 என்ற எண் மட்டுமே. வாக்களித்த புள்ளிகள் எவை என்பது அதில் இல்லை. சேமக்கலம் என்று படித்த மாணவர், புள்ளிகள் உள்ளே கிடக்கின்றன, கோட்டின் இரு முனைகளையும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார். OpenCV நிரலகத்தின் `HoughLines` தருவதோ ρ, θ மட்டும். வரைந்தால் கோடு படத்தின் ஓரம்வரை ஓடும். முனைகள் வேண்டுமானால் விளிம்புப் படத்துக்கே திரும்பித் தேட வேண்டும். `HoughLinesP` அதைத்தான் செய்கிறது. தவறான சொல் இப்படித் தவறான எதிர்பார்ப்பையும் கூடவே கற்பிக்கிறது.

‘திரட்டி’ எனலாமே என்பார்கள். தமிழ் வலைப்பதிவுத் திரட்டிகளை அறிந்தவருக்கு அது பதிவுகளையே கொண்டுவந்து சேர்ப்பது. அதே பிழைதான் மீண்டும் வரும். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர், அந்தக் கருவி என்ன செய்கிறது என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

வாக்கெண்ணி என்றால் குழப்பமில்லை. கட்டங்களை மிக நுண்ணிதாக்கினால் வாக்குகள் அக்கம்பக்கத்தில் பிரிந்து உச்சம் மங்கும் என்பதும், பெரிதாக்கினால் அடுத்தடுத்த இரு கோடுகள் ஒன்றாகும் என்பதும் அச்சொல்லிலிருந்தே விளங்கும். கோடு என்று ஏற்கத் தேவையான குறைந்தபட்ச வாக்கை 150 என்று வைத்தால் 40 படப்புள்ளி நீளமுள்ள தனிக்கோடு ஏன் அகப்படவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்: அதற்கு வாக்களிக்க 40 பேர்தான் இருக்கிறார்கள்.