மெஷின் லேர்னிங் சான்றிதழ்: மூன்று வருடத்துக்குள் எது பழசாகிறது?

நேர்காணலுக்கு வரும் மென்பொருள் பொறியாளர்களின் ரெஸ்யூமேயில் மெஷின் லேர்னிங் சான்றிதழை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் தேர்வு எதைச் சோதித்தது என்று கேட்டால், பாஸானவர்களே கொஞ்சம் தடுமாறுகிறார்கள். பலரும் எழுதிய ஒரு தேர்வை எடுத்துக்கொள்வோம்: அமேசான் வெப் சர்வீசஸ் 2019-ல் கொண்டுவந்த ஸ்பெஷாலிட்டி தேர்வு, MLS-C01.

65 கேள்விகள், மூன்று மணி நேரம், 300 டாலர். 65-ல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. அவை வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். ஒரு வரி கோடுகூட எழுத வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் சிக்கலை ஒரு பத்தியில் விவரித்துவிட்டு, கொடுத்திருக்கும் விடைகளில் எது சரியான தீர்வு என்று கேட்பார்கள்.

அந்தப் பாணியில் நானே ஒரு கேள்வி அமைக்கிறேன். ஒரு நிறுவனத்திடம் 10,000 கார்டு பரிவர்த்தனைகள் இருக்கின்றன. அவற்றில் 100 மோசடி. அவர்களுடைய மாடலின் அக்யூரசி 99 சதவீதத்துக்கும் மேல், ஆனாலும் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் 'நல்லது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே இங்கே 99 சதவீதம் கிடைத்துவிடும். அதனால் அக்யூரசியை விட்டுவிட்டு, மொத்த மோசடிகளில் எத்தனை சதவீதம் பிடிபட்டது என்று சொல்லும் ரீகாலைப் பார்க்க வேண்டும். மாடல் 60 மோசடிகளைப் பிடித்து, 40 நல்ல பரிவர்த்தனைகளையும் தவறாகச் சந்தேகிக்கிறது என்று வையுங்கள். ரீகால் 60 சதவீதம்தான். மாடல் தரும் மதிப்பெண்ணில் எந்த அளவுக்கு மேல் சந்தேகிப்பது என்ற எல்லையைத் தளர்த்தினால் 85 மோசடிகள் பிடிபடுகின்றன, ஆனால் வீண் சந்தேகம் 300 ஆகிறது. தவறவிடும் ஒரு மோசடிக்கு 5,000 ரூபாய் நஷ்டம், வீணாக ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டு விசாரிக்க 50 ரூபாய் என்றால், முதல் நிலையில் மொத்த நஷ்டம் 2,02,000 ரூபாய், இரண்டாவதில் 90,000. இந்தக் கணக்கு 2019-லும் சரி, இன்றும் சரி. இது மாறுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இப்போது அதே கேள்வியை நீட்டுவோம். மாடலுக்கு மாலையில் சில மணி நேரம் மட்டும் அழைப்பு வருகிறது, மற்ற நேரத்தில் ஒன்றுமே இல்லை. முதல் அழைப்பு கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. குறைந்த செலவில் எப்படி ஓட்டுவது? இன்றைக்கு, அமேசானின் மெஷின் லேர்னிங் சேவையான சேஜ்மேக்கரில் அழைப்பு வரும்போது மட்டும் மாடலை ஓட்டும் சர்வர்லெஸ் இன்ஃபெரன்ஸ் என்று சொல்லலாம். ஆனால் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததே 2022 ஏப்ரலில்தான். 2020-ல் பாஸான ஒருவருக்குச் சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். அது செல்லுபடியாக இருக்கும்போதே அவர் படித்த விடை பழசாகிவிட்டது. எலாஸ்டிக் இன்ஃபெரன்ஸ் என்று ஒரு சேவை இருந்தது, அதையும் செலவைக் குறைக்கத்தான் படித்தோம். 2023 ஏப்ரலில் புதிய வாடிக்கையாளர்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள்.

ஆக, ஒரே கேள்வியில் பாதி கெடாது, மீதிப் பாதி இரண்டு வருடம்கூடத் தாங்காது. ரெஸ்யூமேயில் இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன.

தேர்வின் எடையும் நகர்ந்திருக்கிறது. பழைய தேர்வில் மாடலிங் மட்டும் 36 சதவீதம். 2024-ல் வந்த அசோசியேட் தேர்வான MLA-C01-ல் மாடல் உருவாக்கம் 26 சதவீதம்; மாடலை இயக்கத்துக்குக் கொண்டுவருவதும் அதன் பிறகு கண்காணிப்பதும் பாதுகாப்பும் சேர்ந்து 46. மென்பொருள் பொறியாளருக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து, கட்டணமும் பாதி. பழைய தேர்வுக்கு 2026 மார்ச் 31 கடைசி நாள் என்று அமேசான் அறிவித்தது, அதனால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் MLS-C01 பயிற்சித் தொகுப்புகளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கோடு எழுத வைத்தால் பழசாகாது என்றும் சொல்ல முடியாது. கூகுளின் டென்சர்ஃப்ளோ டெவலப்பர் சான்றிதழ் ஐந்து மணி நேரம் பைசார்மில் உட்கார்ந்து மாடலைப் பயிற்றுவிக்க வைத்த தேர்வு. 2024-ல் அதையே மூடிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் வேறு வழி வைத்திருக்கிறது: அதன் அசோசியேட் நிலைச் சான்றிதழ்களை வருடத்துக்கு ஒருமுறை இணையத்திலேயே, இலவசமாக, குறிப்புகளைப் பார்த்தபடியே எழுதிப் புதுப்பிக்கலாம்.

இந்தப் பலவிடைக் கேள்விகள் தொடாத ஒரு இடம் உண்டு. கேள்வித்தாளில் எது மோசடி என்பது முன்பே முடிவாகியிருக்கும். நிஜத்தில், வாடிக்கையாளர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துப் புகார் செய்யவே வாரக்கணக்கில் ஆகும். போன வாரத் தரவில் 'நல்லது' என்று இருப்பவற்றில் சில, இன்னும் புகார் வராத மோசடிகள். அதை அப்படியே பயிற்சிக்குக் கொடுத்தால் மாடல் அவற்றை நல்லது என்றே கற்றுக்கொள்ளும். நேர்காணலில் நான் சேவைகளின் பெயரைக் கேட்பதில்லை, எந்தத் தேதி வரைக்குமான தரவைப் பயிற்சிக்கு எடுப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன்.