தொலைபேசி பில் புகார்: தொகை, தேதி, கோரிக்கை மூன்றும் ஐயமின்றி நிற்க எப்படி எழுதுவது?

கேட்காத சேவைக்குப் பில்லில் பணம் சேர்க்கப்பட்டால், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012இல் வெளியிட்ட குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி வாடிக்கையாளர் இரண்டு படிகளில் முறையிடலாம். முதற்படி, நிறுவனத்தின் புகார் மையம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டாலோ, கிடைத்த தீர்வு ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது. இரண்டு படிகளிலும் முடிவெடுப்பவர் நம்மிடம் நேரில் விசாரிப்பதில்லை, நாம் எழுதியதை வைத்தே கோப்பை முடிக்கிறார். ஆகவே கடிதத்தின் வாசகமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர் ஒருவர் இப்படி எழுதுகிறார்: “சில மாதங்களாக என் பில் அதிகமாக வருகிறது. நான் கேட்காத ஏதோ சேவைக்குப் பணம் பிடிக்கிறீர்கள். பலமுறை அழைத்தும் பயனில்லை. உடனே இதை நிறுத்தி உரிய நடவடிக்கை எடுக்கவும்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இக்கடிதத்துக்குப் புகார் மையம் செய்யக்கூடிய மிக எளிய செயல், அந்தச் சேவையை நிறுத்திவிட்டு “தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது” என்று குறுஞ்செய்தி அனுப்புவதுதான். கடிதம் கேட்டதும் அதைத்தான். பணத்தைத் திருப்பித் தருமாறு எந்த வரியும் கேட்கவில்லை. நிறுத்தக் கோருவதும் பணத்தைக் கோருவதும் ஒரே வாக்கியத்தில் கலந்திருந்தாலும் இதே நிலை ஏற்படலாம், ஏனெனில் எளிதானது நிறைவேறியதும் கோப்பு மூடப்பட்டுவிடும். பணத்தை முதற்கோரிக்கையாகத் தனியே எழுத வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

அடுத்தது தொகை. வாடிக்கையாளர் தம் மூன்று பில்களையும் விரித்துப் பார்த்ததில், அழைப்பிசை போன்ற கூடுதல் சேவைகளைக் குறிக்கும் “மதிப்புக்கூட்டுச் சேவை” என்ற தலைப்பின்கீழ் ஒவ்வொன்றிலும் 99 ரூபாய் சேர்க்கப்பட்டிருப்பது தெரிந்தது என்று கொள்வோம். பலரும் மூன்றால் பெருக்கி 297 ரூபாய் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தக் கட்டணத்தின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் பில்லின் அடிப்பகுதியில் மொத்த வரியோடு கலந்து வசூலிக்கப்பட்டிருக்கும். 99 ரூபாய்க்கு வரி 17.82, ஆக ஒரு மாதத்துக்கு 116.82, மூன்று மாதங்களுக்கு 350.46 ரூபாய். வரியைச் சொல்லாமல் விட்டால் அது திரும்பாமல் போக வாய்ப்புண்டு.

தேதிகளில்தான் குழப்பம் அதிகம். ஒரே பில்லில் பில் காலம், பில் தேதி, கட்டணம் பதிவான தேதி, செலுத்தக் கடைசி நாள் என நான்கு இருக்கின்றன. “மே மாத பில்” என்று எழுதினால், மே மாதத்தில் வந்த பில்லா, மே மாதப் பயன்பாட்டுக்கான பில்லா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும். கட்டணம் பதிவான தேதியையும் அது இடம்பெற்ற பில்லின் தேதியையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஊகத்துக்கு இடமில்லை. புகார் மையத்தை அழைத்த நாளும் முக்கியமானது, காலக்கெடு அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. “பலமுறை அழைத்தேன்” என்பதை விட, ஒரே ஒரு அழைப்பின் தேதியும் அதற்குத் தரப்பட்ட புகார் எண்ணும் வலிமையானவை. புகாரைப் பதிந்து எண் தருவது நிறுவனத்தின் கடமை. தராவிட்டால் கேட்டுப் பெற வேண்டும்.

இவற்றைக் கொண்டு திருத்திய கடிதம் இவ்வாறு அமையும்:

“பொருள்: நான் கோராத மதிப்புக்கூட்டுச் சேவைக்கு விதித்த 350.46 ரூபாயில், செலுத்திய 233.64 ரூபாயைத் திருப்பித் தரவும் மீதி 116.82 ரூபாயை நீக்கவும் கோருதல். கைபேசி எண், வாடிக்கையாளர் கணக்கு எண், 9.7.2025 அன்று பதிவான புகார் எண் ஆகியவை மேலே தரப்பட்டுள்ளன.

12.4.2025, 12.5.2025, 12.6.2025 ஆகிய தேதிகளில் என் கணக்கில் தலா 99 ரூபாய் மதிப்புக்கூட்டுச் சேவைக் கட்டணமாகப் பதிவாகியுள்ளது. இவை முறையே 5.5.2025, 5.6.2025, 5.7.2025 தேதியிட்ட பில்களில் இடம்பெற்றுள்ளன. வரி உட்பட ஒவ்வொன்றும் 116.82 ரூபாய். இச்சேவையை நான் கோரவில்லை, இதற்கு ஒப்புதலும் தரவில்லை.

முதல் இரண்டு பில்களை முழுமையாகச் செலுத்திவிட்டேன். எனவே 233.64 ரூபாயை என் கணக்கில் வரவு வைக்கவும். மூன்றாம் பில்லில் 116.82 ரூபாயை நீக்கித் திருத்திய பில் அனுப்பவும். அந்தப் பில்லின் மீதித் தொகையைச் செலுத்திவிட்டேன். இந்த 116.82 ரூபாய் நிலுவையில் இருப்பதற்காகத் தாமதக் கட்டணம் விதிக்க வேண்டாம். சேவை இன்னும் இயங்கினால் அதையும் நிறுத்தவும்.

கட்டணம் சரியானது என்று தாங்கள் கருதினால், நான் ஒப்புதல் தந்ததாகக் கூறப்படும் இரண்டு உறுதிப்படுத்தல்களின் தேதி, நேரம், வழி ஆகியவற்றை எழுத்தில் தரவும்.”

இறுதிப் பத்தியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆணையம் 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின்படி, மதிப்புக்கூட்டுச் சேவையைத் தொடங்க வாடிக்கையாளரின் ஒப்புதலை இருமுறை பெற வேண்டும். திரையில் தவறுதலாக விரல் பட்டதால் மட்டும் சேவை தொடங்கிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். “எங்கள் பதிவின்படி நீங்கள்தான் தொடங்கினீர்கள்” என்ற ஒற்றை வரிப் பதிலோடு நிறுவனம் நின்றுவிட்டால், கேட்ட விவரம் தரப்படவில்லை என்பதே மேல்முறையீட்டுக்கு நல்ல காரணமாகிறது. இத்தகைய சேவைகளை நிறுத்துவதற்கென்றே 155223 என்ற கட்டணமில்லா எண்ணும் உள்ளது. கடிதத்தின் முடிவுக்குக் காத்திராமல் அதை அழைத்து நிறுத்திவிடலாம்.

மறுக்கப்படாத தொகையைச் செலுத்தியதாகக் கடிதம் சொல்வதையும் கவனிக்க வேண்டும். பில் முழுவதையும் நிறுத்திவைத்தால், விவாதம் 116.82 ரூபாயிலிருந்து மாறி, வாடிக்கையாளர் நிலுவை வைத்த கதையாகிவிடும்.

பில் குறித்த புகாரைத் தீர்ப்பதற்கான வரையறை நான்கு வாரம். தீர்வானபின் பணத்தை வரவு வைக்க ஒரு வாரம். நம் மாதிரியில் நான்கு வாரம் 6.8.2025 அன்று முடிகிறது. அதன்பின் 30 நாட்களுக்குள், அதாவது 5.9.2025க்குள், மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதம் பொறுக்கப்படலாம், ஆயினும் அதை நம்பியிருப்பது நல்லதன்று. மேல்முறையீட்டை 39 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அதில் புதிதாக எதையும் எழுதத் தேவையில்லை: முதற்கடிதத்தை அப்படியே இணைத்து, நிறுவனம் தந்த பதிலையும், எந்தக் கேள்விக்கு அதில் விடையில்லை என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்தால் போதும்.

ஆணையத்துக்கே நேராக எழுதுவோரும் உண்டு. தனிநபர் புகார்களை ஆணையம் தானே விசாரித்துத் தீர்ப்பதில்லை. நிறுவனத்துக்கு வெளியே செல்ல வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள்மீதான புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே மனு அளிக்க வேண்டும். அந்த மனுவோடு இணைக்க மூன்று பில்களின் நகல், புகார் எண் வந்த குறுஞ்செய்தி, கடிதம் அனுப்பியதற்கான சான்று ஆகியவை தேவைப்படும் என்பதால், குறுஞ்செய்தியை முதல் நாளிலேயே படமெடுத்துச் சேமித்துக்கொள்ள வேண்டும்.