மூன்று மில்லிசெகண்டில் ஒரு முழுச் சுற்று

நேராக ஓடும்போது ரோபோவின் வரைபடத்தில் சுவர் ஒரே கோடாக ஒழுங்காக நின்றது. திரும்ப ஆரம்பித்தால் போதும், பக்கத்திலேயே சாய்வாக இன்னொரு சுவர் முளைக்கும். இடப்பக்கம் திரும்பினால் போலிச் சுவர் இடப்பக்கம் சாயும், வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம். இல்லாத அந்தச் சுவரைக் கண்டு ரோபோ நின்றுவிடும். பிழையைத் தேட வேண்டியவன் நான். ஆனால் ரோபோ இருந்தது வேறொரு கட்டடத்தில், என் மேசையில் இருந்தது ஒரு மடிக்கணினியும் இரண்டு நிமிட சென்சார் பதிவும்தான். அந்தப் பதிவே போதுமாக இருந்தது. சொல்லப்போனால், ரோபோ எதிரில் நின்றிருந்தால் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ராஸ் 2 போன்ற அமைப்பில் ரோபோவின் மென்பொருள் பல சின்னச் சின்ன நிரல்களாகப் பிரிந்திருக்கும். லேசர் கதிரைச் சுழற்றித் தூரம் அளக்கும் லிடாரைப் படிப்பது ஒன்று, சக்கரச் சுழற்சியிலிருந்து ரோபோ எங்கே வந்திருக்கிறது என்று கணக்கிடுவது ஒன்று, வரைபடம் போடுவது இன்னொன்று. இவை பெயரிட்ட தடங்கள் வழியாகச் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. இந்தத் தடங்களுக்கு டாபிக் என்று பெயர். `/scan` என்ற டாபிக்கில் வரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் நிரலுக்கு, அதை அனுப்பியது உண்மையான லிடாரா, வட்டிலிருந்து படிக்கப்படும் கோப்பா என்று தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. பதிவு செய்து திரும்ப ஓட்டும் வித்தை முழுக்க இந்த அறியாமையின் மேல்தான் நிற்கிறது.

ரோபோவில் இப்படிப் பதிவு செய்தோம்:

```
ros2 bag record -o run1 --topics /scan /imu/data /joint_states /tf_static
```

(பழைய பதிப்புகளில் `--topics` என்ற சொல் இல்லாமல் பெயர்களை மட்டும் கொடுக்க வேண்டும்.) இதில் எதை விட்டிருக்கிறோம் என்பதுதான் முக்கியம். சென்சார்கள் தந்த கச்சாத் தரவும், எந்தச் சென்சார் ரோபோவின் உடலில் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்ற மாறாத தகவலும் மட்டும் இருக்கின்றன. நிரல்கள் கணக்கிட்ட முடிவுகள் இல்லை. எல்லாவற்றையும் பதிவு செய்யத்தான் கை போகும், இட வசதி இருந்தால் அதில் தவறும் இல்லை. ஆனால் திரும்ப ஓட்டும்போது முடிவுகளை வடிகட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய நிரல் சொன்ன இடமும் இப்போது ஓடும் நிரல் சொல்லும் இடமும் ஒரே டாபிக்கில் மாறி மாறி வரும். திரையில் ரோபோ இரண்டு இடங்களுக்கு நடுவே துடிதுடிக்கும். நாம் அதையும் ஒரு புதுப் பிழை என்று நினைத்து அரை நாளைத் தொலைப்போம்.

அடுத்தது கடிகாரம். ஒவ்வொரு அளவீட்டின் தலைப்பிலும் அது எடுக்கப்பட்ட நேரம் எழுதியிருக்கும். மடிக்கணினியில் ஓடும் நிரலோ இன்றைய நேரத்தைப் பார்க்கும். மூன்று நாள் முந்தைய செய்தி வந்தால் 'இது காலாவதி' என்று தூக்கிப் போட்டுவிடும். அதனால் கோப்பை ஓட்டும்போதே அன்றைய கடிகாரத்தையும் சேர்த்து ஓட்ட வேண்டும்:

```
ros2 bag play run1 --clock 100 --rate 0.5
```

இது நொடிக்கு 100 முறை பழைய நேரத்தை `/clock` டாபிக்கில் அறிவித்துக்கொண்டே பாதி வேகத்தில் ஓட்டும். நிரல்கள் ஒவ்வொன்றையும் `use_sim_time` அமைப்பை `true` ஆக்கித் தொடங்க வேண்டும். ஒன்றில் மறந்துவிட்டால்கூட அந்த ஒன்று மட்டும் நிகழ்காலத்தில் வாழும். வரைபடம் வெறுமையாக இருந்து, செய்தியின் நேரம் கைவசம் உள்ள தரவைவிடப் பழையது என்ற எச்சரிக்கை வரிசையாக ஓடினால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சரி, ஓட்டியாயிற்று. அதே இடத்தில் அதே போலிச் சுவர் வந்தது. அதுவே பாதி வெற்றி: பிழை தரவிலோ நிரலிலோ இருக்கிறது, எங்கோ ஆடும் கம்பியில் இல்லை.

நேராகப் போகும்போது இல்லை, திரும்பும்போது மட்டும் வருகிறது, திசையும் திருப்பத்தோடு மாறுகிறது என்றால் நேரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். லிடாரின் கதிர் எடுக்கப்பட்ட நேரம் தவறாக எழுதப்பட்டிருந்தால், அந்தக் கணத்தில் ரோபோ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதையும் வரைபட நிரல் தவறாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே திரையை மூடிவிட்டு, கோப்பையே நேராகப் படித்தேன்.

```
while reader.has_next():
    topic, data, t = reader.read_next()
    if topic == '/scan':
        m = deserialize_message(data, LaserScan)
        s = m.header.stamp
        print((t - s.sec * 10**9 - s.nanosec) / 1e6)
```

கோப்பில் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு நேரங்கள் உண்டு. அளவீடு எப்போது எடுக்கப்பட்டது என்று அனுப்பிய நிரல் தலைப்பில் எழுதியது ஒன்று. பதிவு நிரலின் கைக்கு அது எப்போது வந்தது என்பது மற்றொன்று, மேலே உள்ள `t`. ரோபோ ஓடும்போது இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. அந்த நிரல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மில்லிசெகண்டில் அச்சிடுகிறது. வந்த எண்கள் எல்லாம் 3-ஐ ஒட்டியே இருந்தன.

முதல் பார்வைக்கு நல்ல எண். தாமதமே இல்லையே! ஆனால் இந்த லிடார் நொடிக்கு 10 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 100 மில்லிசெகண்டு. `LaserScan` செய்தியின் விதிப்படி தலைப்பில் இருக்க வேண்டியது அந்தச் சுற்றின் முதல் கதிர் எடுக்கப்பட்ட நேரம். சுற்று முடிந்த பிறகுதான் செய்தியே கிளம்பும். அப்படியானால் வித்தியாசம் 100-க்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். 3 என்று வந்தால், லிடார் 3 மில்லிசெகண்டுக்குள் ஒரு முழுச் சுற்றை முடித்துவிட்டது என்று அர்த்தம். நடக்காத காரியம். லிடாரைப் படிக்கும் நிரல், கடைசிக் கதிர் வந்து சேர்ந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்தை முதல் கதிருக்கு எழுதிக்கொண்டிருந்தது.

ரோபோ நொடிக்கு 1 ரேடியன் வேகத்தில் திரும்பினால் 100 மில்லிசெகண்டில் 0.1 ரேடியன், அதாவது ஏறக்குறைய 6 பாகை திரும்பியிருக்கும். 4 மீட்டர் தள்ளியிருக்கும் சுவர் 40 சென்டிமீட்டர் இடம் மாறித் தெரியும். வரைபடத்தில் அளந்து பார்த்த இடைவெளியும் கிட்டத்தட்ட அதேதான்.

ஆனாலும் ஒரு சோதனை பாக்கி. கோப்பின் நகல் ஒன்றில் எல்லா லிடார் செய்திகளின் நேரத்தையும் 50 மில்லிசெகண்டு பின்னுக்குத் தள்ளி ஓட்டினேன். போலிச் சுவரின் சாய்வு பாதியானது. 100 தள்ளியதும் இரண்டு சுவரும் ஒன்றாயின. 150 தள்ளினால் அது மறுபக்கம் சாய்ந்தது. ஓடிய பாதை ஒரு மயிரிழைகூட மாறாமல், நேரம் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இந்த வசதி உண்மையான ரோபோவில் கிடைக்காது. அப்புறம் லிடார் நிரலில் சுற்று நேரத்தைக் கழிக்கும் ஒரு வரியைச் சேர்த்தோம்.

இதற்கு மேல் அந்தக் கோப்பால் உதவ முடியவில்லை. நேரத்தை 100 தள்ளிய நகலில் போலிச் சுவர் இல்லை, முன்னால் போகலாம் என்றுதான் ரோபோவை ஓட்டும் நிரல் கட்டளை கொடுத்தது. ஆனால் பதிவிலுள்ள ரோபோ அன்று நின்ற இடத்தில் அப்படியே நின்றது. புதுக் கட்டளை அதன் பழைய சக்கரங்களை எட்டாது. ரோபோ என்ன பார்த்தது என்பதைப் பதிவில் சரிபார்க்கலாம். பார்த்ததை வைத்து எப்படி ஓடும் என்பதற்குச் சிமுலேட்டரோ உண்மையான ரோபோவோ வேண்டும். நாங்கள் மறுநாள் அந்தக் கட்டடத்துக்குப் போய், அதே மூலையில் இடமும் வலமுமாகப் பத்து நிமிடம் திருப்பிப் பார்த்தோம், மறக்காமல் அதையும் பதிவு செய்துகொண்டே.