ஆறு நாளுக்கு நாற்பத்தெட்டாயிரம்: வருமான வரி பிந்தினால் கணக்கு எப்படி ஏறுகிறது

"தம்பி, ஆறு நாள் பிந்தினதுக்கு நாப்பத்தெட்டாயிரமா?" வெள்ளவத்தையில் என் அலுவலகத்தில் உட்கார்ந்து, கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டார். புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர், கணக்கில் கெட்டிக்காரர், வங்கி வட்டியை மனதாலேயே போட்டுச் சொல்லிவிடுவார். அவருக்கு விளங்காதது ஒன்றுதான். வரித் தண்டப்பணம் வங்கி வட்டி மாதிரி நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது அப்படி ஏறாது. படிக்கட்டு மாதிரி, பல நாள் ஒரே இடத்தில் நிற்கும், பிறகு ஒரே இரவில் ஒரு படி தாவும். எந்த இரவில் தாவும் என்று தெரிந்தவர் அநியாயத்துக்குக் காசு கட்டமாட்டார். அதனால் அவருடைய கணக்கையே திகதி திகதியாக இங்கே எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி தொகைகளை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் இரண்டு திகதிகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் அநேகம் பேர் விழுவது இங்கேதான். மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 முடிகிறது. அந்த ஆண்டுக்கான வரியின் மிச்சத்தைக் கட்டி முடிக்க வேண்டிய கடைசி நாள் செப்டெம்பர் 30. வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள் நவம்பர் 30. விபரத்திரட்டு நவம்பரில்தானே, அதோடு சேர்த்துக் காசையும் கட்டுவோம் என்று இருந்துவிட்டால், விபரத்திரட்டு நேரத்துக்குப் போனாலும் வரி இரண்டு மாதம் பிந்தியதாகிவிடும். இரண்டுக்கும் தண்டப்பணம் தனித்தனி. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் விபரத்திரட்டு பிந்தினால் என்ன என்பதை 178ஆம் பிரிவும், வரி பிந்தினால் என்ன என்பதை 179ஆம் பிரிவும் சொல்கின்றன. வட்டி இந்த இரண்டுக்கும் வெளியே வேறொரு கணக்கு.

சரி, அவருடைய விஷயத்துக்கு வருவோம். அந்த ஆண்டுக்குக் கட்ட வேண்டிய நான்கு தவணைகளையும் அவர் ஒழுங்காகக் கட்டியிருந்தார். கடைக் கணக்கை முடித்துப் பார்த்தபோது இன்னும் 240,000 ரூபாய் வரி மிச்சம் என்று தெரிந்தது. காசும் கையில் இருந்தது. திகதியைத்தான் பிழையாக நினைத்திருந்தார்.

செப்டெம்பர் 30 இரவு வரை அவர் மேல் ஒரு ரூபாயும் இல்லை.

ஒக்டோபர் 1 காலையிலேயே வட்டி விழுந்துவிட்டது. வீதம் மாதத்துக்கு 1.5. ஆனால் மாதம் அல்லது மாதத்தின் ஒரு பகுதி என்பதுதான் கணக்கு, அதனால் ஒரு நாள் பிந்தினாலும் முழு மாத வட்டி, அதாவது 3,600 ரூபாய். அவர் வங்கிக் கணக்குப்படி நாளுக்கு 120 ரூபாய் என்று பிரித்து, 20 நாளுக்கு 2,400 என்று துண்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்தத் துண்டை மேசையில் விரித்துவைத்து, வகுத்ததை நானே வெட்டிவிட்டேன். இந்த வட்டியில் நாள் என்ற அலகே கிடையாது. ஒக்டோபர் 1 கட்டினாலும் 20 கட்டினாலும் அதே 3,600தான். நவம்பர் பிறந்துவிட்டால் இரண்டாவது மாதத்து வட்டியும் சேரும்.

ஒக்டோபர் 2, 3, 4 என்று 14 வரைக்கும் ஒன்றும் மாறவில்லை. இந்த இரண்டு கிழமைதான் சட்டம் தரும் கடைசி இடைவெளி. வட்டி விழுந்துவிட்டதே என்று மனம் சோர்ந்து, இனி எப்போது கட்டினால் என்ன என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த எண்ணத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். ஏனென்றால் ஒக்டோபர் 14 மாலை அவர் கட்டியிருந்தால் மொத்தச் செலவு அந்த 3,600 மட்டும்.

ஒக்டோபர் 15 விடிந்தபோது உரிய திகதியிலிருந்து 14 நாள் கடந்துவிட்டது. அந்தக் காலையில் கட்டாமல் நிற்கும் வரியில் 20 வீதம் தண்டப்பணமாக ஒரே அடியில் ஏறுகிறது. 240,000இல் 20 வீதம் 48,000. மாதாமாதம் வளர்கிற தொகை இல்லை இது, ஒரே தடவைதான், ஆனால் அந்த ஒரு தடவை ஒரு வருடத்துக்கும் மேலான வட்டிக்குச் சமம். அவர் கட்டியது ஒக்டோபர் 20. 14ஆம் திகதியிலிருந்து எண்ணினால் அவருடைய மனதில் ஆறு நாள், சட்டத்தின் கண்ணில் எல்லை தாண்டியாயிற்று. 15ஆம் திகதி கட்டியிருந்தாலும் அதே 48,000தான் வந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த 20 வீதம் மொத்த வரியில் அல்ல, கட்டாமல் விட்ட பகுதியில்தான். முழுத் தொகை கையில் இல்லையென்றால் இருப்பதையாவது 14ஆம் நாளுக்குள் கட்டிவிடுங்கள். அவர் அன்றைக்கு இரண்டு இலட்சம் கட்டி 40,000 மிச்சம் வைத்திருந்தால் தண்டப்பணம் 8,000 ரூபாயோடு நின்றிருக்கும். கணக்கு இன்னும் முடியவில்லை என்றாலும் இதே புத்திதான். உத்தேசமாக ஒரு தொகையைச் செப்டெம்பர் 30க்குள் கட்டிவிட்டு, சரியான தொகையை விபரத்திரட்டில் காட்டலாம். ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று வரும் காலாண்டுத் தவணைகளுக்கும் இதே 14 நாள் உண்டு, அங்கே வீதம் 20 இல்லை, 10.

வரியைக் கட்டியாயிற்று, இனி விபரத்திரட்டு. நவம்பர் 29 இரவு அவருடைய மகன் கணினியில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ராமிஸ் இணையத் தளத்துக்குள் போய் எல்லாவற்றையும் நிரப்பினார். நிரப்பிச் சேமித்துவிட்டு, வேலை முடிந்தது என்று மூடிவிட்டார். சேமிப்பது வேறு, சமர்ப்பிப்பது வேறு. சமர்ப்பித்தால் ஒப்புகை வரும், அது வரவில்லை என்றால் திணைக்களத்துக்கு நீங்கள் எதையும் அனுப்பவில்லை என்றுதான் அர்த்தம். டிசம்பர் 5 அன்று ஒப்புகைப் பிரதியை நான் கேட்டபோதுதான் அது வரைவாகவே கிடப்பது தெரிந்தது. அன்றே சமர்ப்பித்தோம், ஆனால் ஐந்து நாள் பிந்திவிட்டது.

இந்தத் தண்டப்பணத்துக்கு இரண்டு கணக்குப் போட்டு, எது பெரிதோ அதை எடுப்பார்கள். ஒன்று, செலுத்த வேண்டிய வரியில் 5 வீதமும், பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் அல்லது மாதத்தின் பகுதிக்கும் மேலும் 1 வீதமும். மற்றது, 50,000 ரூபாயும் அதே மாதிரி மாதத்துக்கு 10,000 ரூபாயும். எவ்வளவு நீண்டாலும் நான்கு இலட்சத்துக்கு மேல் போகாது. அவர் வரியைக் கட்டி முடித்திருந்தபடியால் முதல் கணக்கில் ஒன்றும் வராது. 240,000ஐ முழுதாக எடுத்தாலும்கூட 6 வீதம் 14,400தான். இரண்டாவது கணக்கில் 50,000, அதோடு டிசம்பரின் பகுதிக்கு 10,000, ஆக 60,000. பெரிது இதுதான், ஆகவே இதுதான் விழும். டிசம்பர் 1 அன்று சமர்ப்பித்திருந்தாலும் இதே 60,000. ஜனவரி நடுப்பகுதி வரை இழுத்திருந்தால் 70,000.

பல வருடம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரு குறுக்குவழி உண்டு. 5 வீதத்துக்கு எதிரே 50,000, 1 வீதத்துக்கு எதிரே 10,000. இரண்டும் சமமாவது வரி பத்து இலட்சமாக இருக்கும்போது, எத்தனை மாதம் பிந்தினாலும் அந்த இடம் மாறாது. செலுத்த வேண்டியது பத்து இலட்சத்துக்குக் கீழே என்றால் ரூபாய்க் கணக்கு, மேலே என்றால் வீதக் கணக்கு, வேறு யோசனை வேண்டாம். ஐம்பது இலட்சம் கட்டாமல் நிற்பவருக்கு முதல் மாதத்திலேயே மூன்று இலட்சம், அடுத்த மாதம் மூன்றரை, மூன்றாவது மாதம் நான்கு இலட்சம், அங்கே உச்சவரம்பு வந்துவிடும். சின்னத் தொகைக்காரர் அந்த உச்சத்தைத் தொட 35 மாதம் ஆகும். ஆனால் விபரத்திரட்டு கொடுக்க வேண்டிய ஒருவருக்கு வரி மிச்சம் ஒரு சதமும் இல்லை என்றாலும், ஒரு நாள் பிந்தினால் 60,000 ரூபாய்க்கு அவர் ஆளாகிறார். கட்ட ஒன்றும் இல்லையே, பிறகு கொடுப்போம் என்று இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வட்டி 3,600, வரி பிந்தியதற்கு 48,000, விபரத்திரட்டு பிந்தியதற்கு 60,000. மொத்தம் 111,600 ரூபாய். 240,000 வரிக்கு, அதுவும் காசு வங்கியிலேயே கிடந்த ஒருவருக்கு, ஏறக்குறைய பாதி. மூன்றில் வட்டிதான் ஆகச் சின்னது, எல்லாரும் பயப்படுவதும் வட்டிக்குத்தான்.

கடிதம் வந்தால் தொகையைப் பார்த்துத் திகைத்து நிற்காமல் முதலில் திகதிகளைப் பாருங்கள். நீங்கள் கட்டிய நாள் அதில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, கட்டியது அந்த மதிப்பீட்டாண்டுக்கும் அந்த வரிக்கும்தான் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டணப் பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். கட்டும்போது ஆண்டையோ வரி வகையையோ மாற்றிக் கொடுத்துவிட்டால் காசு வேறிடத்தில் வரவாகி, இங்கே முழுத் தொகையும் கட்டாததாக நிற்கும், அதன் மேல் 20 வீதமும் ஏறியிருக்கும். 20 வீதம் மொத்த வரியில் போடப்பட்டிருக்கிறதா, மிச்சத்தில் போடப்பட்டிருக்கிறதா என்றும் வகுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் மீளாய்வு கேட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும், அந்த நாள் போனால் சரியான நியாயம் கையில் இருந்தும் பிரயோசனம் இல்லை.

கடைக்கார ஐயாவின் கடிதத்தில் திகதிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. பற்றுச்சீட்டை மூன்று தடவை பார்த்தேன், ஒக்டோபர் 20 என்றுதான் இருந்தது. கட்டச் சொன்னேன், கட்டினார். பிறகு என் மேசையிலிருந்த நாட்காட்டியை இழுத்து, செப்டெம்பர் 30இல் ஒரு வட்டமும் ஒக்டோபர் 14இல் இரண்டு வட்டமும் போட்டு, அந்த இரண்டு தாள்களையும் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.