சாட்ஜிபிடியை ரெஃபரன்ஸ் லிஸ்ட்டில் எப்படிப் போடுவது

கிருஷ்ணகிரி மாங்கூழ் தொழிலைப் பற்றி எம்.காம் புராஜெக்ட் எழுதிய ஒரு பெண்ணுக்கு, ரெஃபரன்ஸ் லிஸ்ட்டில் "சாட்ஜிபிடி" என்று ஒரு வரி இருந்ததற்காகவே கையெழுத்து போடாமல் திருப்பி அனுப்பினார்கள். எது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. துறையில் கேட்டால் நூலகத்துக்குப் போ என்றார்கள், நூலகத்தில் கேட்டால் கைடிடம் கேள் என்றார்கள். சமர்ப்பிக்கும் தேதி மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

முதலில் எந்த மேற்கோள் ஸ்டைல், ஏபிஏவா, எம்எல்ஏவா, சிகாகோவா என்று கைடிடம் எழுத்தில் வாங்குங்கள், ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு ஸ்டைலும் வேறு மாதிரி கேட்கும்.

ஏபிஏ என்றால், 2023-ல் அவர்கள் சொன்ன வடிவம் இது:

```
OpenAI. (2023). ChatGPT (Mar 14 version) [Large language model]. https://chat.openai.com/chat
```

ஆசிரியர் இடத்தில் வருவது கருவியை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர். அந்தப் பெண் அங்கே ChatGPT என்று போட்டிருந்தாள், சிக்கலே அதுதான். ஆண்டும் வெர்ஷனும் நீங்கள் பயன்படுத்தியதாக இருக்க வேண்டும், மேலே உள்ளதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். கட்டுரைக்குள் (OpenAI, 2023) என்று வரும்.

எம்எல்ஏ ஸ்டைல் கருவியை ஆசிரியராகவே ஏற்பதில்லை. நீங்கள் தட்டிய கேள்வி தலைப்பின் இடத்துக்குப் போகும், அப்புறம் கருவியின் பெயர், வெர்ஷன், நிறுவனம், உருவாக்கிய தேதி, முகவரி. சிகாகோவில் பெரும்பாலும் அடிக்குறிப்போடு முடிந்துவிடும். மற்றவர்கள் திறந்து பார்க்கக்கூடிய இணைப்பு இல்லாவிட்டால் நூற்பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. இது தெரியாத கைடு "பட்டியலில் ஏன் காணோம்" என்று கேட்டால், பயப்படாமல் விதியைக் காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மாங்கூழ் ஏற்றுமதி பற்றிக் கேட்டால் கருவி நாலு ஆய்வுக் கட்டுரைகளின் பெயரை அழகாகக் கொடுக்கும். அதில் சில உலகத்திலேயே இருக்காது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் டிஓஐ என்ற அடையாள எண்ணை doi.org-ல் போட்டுப் பாருங்கள், திறக்கவில்லை என்றாலோ வேறு கட்டுரை வந்தாலோ தூக்கிவிடுங்கள். எண்ணே இல்லாவிட்டால் தலைப்பை கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். கட்டுரை நிஜமாகவே இருந்தால் அதை நீங்களே படித்து, அதையே மேற்கோள் காட்டுங்கள். புள்ளிவிவரத்துக்குக் கருவியை ஆதாரமாகக் காட்டினால் வைவாவில் நிற்காது.

கேட்ட அன்றைக்கே கேள்வியையும் பதிலையும் தேதியோடு பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். அதே கேள்வியை மறுநாள் கேட்டால் அதே பதில் வராது, அதனால் பின்னால் நிரூபிக்க உங்களிடம் இருக்கப்போவது அந்தக் கோப்பு மட்டும்தான். புராஜெக்டில் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டு, எந்த அத்தியாயத்தில் எதற்காகப் பயன்படுத்தினீர்கள் என்று ஆய்வுமுறைப் பகுதியில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.