பன்னிரண்டு மணிக்கு முன்னால் பாயை விரிக்காதீர்கள்

மாதக்கணக்கில் தூக்கம் இல்லாமல் வந்து உட்கார்ந்திருப்பவரிடம், "இனிமேல் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் படுக்கணும்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாக இந்தச் சிகிச்சையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பாவம் பார்த்து, பதினொன்றுக்குப் படுங்கள், பத்தரை ஆனாலும் பரவாயில்லை என்று இறங்கி வந்துவிடுவார்கள். இறங்கி வந்த அந்த ஒன்றரை மணி நேரத்திலேயே சிகிச்சை நீர்த்துப்போகிறது.

தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் பல பகுதிகள் உண்டு. அவற்றில் பாரம் இழுப்பவை இரண்டு. ஒன்று தூண்டல் கட்டுப்பாடு. 1972-ல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் முன்வைத்தது. மற்றொன்று தூக்க நேரக் கட்டுப்பாடு. ஆர்தர் ஸ்பீல்மேனும் உடன் பணியாற்றியவர்களும் 1987-ல் வெளியிட்டது. இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிடலாம். ஒரே நோயாளிக்கு ஒரே இரவில் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

இவை வேலை செய்யும் விதம் முதலில். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தூங்கும்போது அந்த அழுத்தம் இறங்குகிறது. ஐந்தரை மணி நேரத் தூக்கத்துக்கான அழுத்தத்தோடு ஒருவர் ஒன்பது மணி நேரம் படுத்தால், இருக்கிற மாவை அகலமாக இழுத்துத் தேய்த்த தோசை மாதிரி அங்கங்கே ஓட்டை விழும். அந்த ஓட்டைகளில் அவர் விழித்துக் கிடக்கிறார், கவலைப்படுகிறார், மணி பார்க்கிறார். இது மாதக்கணக்கில் நடந்தால் தலையணையில் தலை வைத்ததும் மூளை விழிக்கப் பழகிக்கொள்கிறது. ஓட்டையை அடைக்கும் வேலை ஸ்பீல்மேன் முறைக்கு, அந்தப் பழக்கத்தை உடைக்கும் வேலை பூட்சின் முறைக்கு.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். பலருடைய கதையைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியது. ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்க்கும் 46 வயது அக்கா. கணவருக்கு ஆபரேஷன் நடந்தபோது தூக்கம் கெட்டது. அவர் தேறி வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியும் இவருக்குத் தூக்கம் திரும்பவில்லை. 'ராத்திரி எப்படியும் தூங்கமாட்டோம், சீக்கிரமே படுத்தால் கொஞ்சமாவது கிடைக்கும்' என்று சாப்பிட்ட கையோடு எட்டரைக்கே பாய் போட்டுவிடுகிறார். காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், அப்போது எழுந்தாக வேண்டும். ஆக 9 மணி நேரப் படுக்கை.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் தூக்க டைரி மட்டும் எழுதச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தார், தூங்க எவ்வளவு நேரமானது, நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தார், எப்போது எழுந்தார் என்று காலையில் எழுந்ததும் உத்தேசமாகக் குறித்தால் போதும். வேலூரில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. இங்கே சிகிச்சைக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் என்று தொலைவிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் ஏராளம். லாட்ஜ் அறையில் எழுதிய டைரி அவர்களுடைய வீட்டுத் தூக்கத்தைக் காட்டாது. அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

அக்காவின் டைரியில் ஏழு இரவுகளின் தூக்கம் மொத்தம் 2,240 நிமிடம். சராசரி 320 நிமிடம், அதாவது 5 மணி 20 நிமிடம். படுக்கையில் இருந்தது 540 நிமிடம். 320-ஐ 540-ஆல் வகுத்தால் தூக்கத் திறன் 59 சதவீதம். மிக மோசமான இரவு 270 நிமிடம், நல்ல இரவு 370. நோயாளி எப்போதும் அந்த மோசமான இரவைப் பற்றித்தான் பேசுவார். புதியவர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள். கணக்குக்கு வேண்டியது சராசரிதான்.

இனி மருந்துச் சீட்டு எழுதுவது போல ஒரு நேரம் எழுத வேண்டும். சராசரித் தூக்கம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான் படுக்கை நேரம். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. அக்காவுக்கு ஐந்தரை மணி நேரம் என்று வைத்தோம். எழும் நேரத்தை முதலில் கட்டிப்போட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். காலை 5:30-லிருந்து பின்னால் போனால் நள்ளிரவு 12.

"இன்னா மேடம் இது, தூக்கம் வரலைன்னு வந்தா பன்னெண்டு மணிக்குப் படுன்றீங்க?"

நியாயமான கேள்வி. ஆறுதல் சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. டைரியை அவர் பக்கம் திருப்பி, "எட்டரைக்குப் படுத்தும் அஞ்சேகால் மணி நேரம்தான் கிடைச்சிருக்குக்கா. மீதி மூணே முக்கால் மணி நேரம் படுத்துட்டு இன்னா பண்ணீங்க?" என்று கேட்டால் பதில் அவரிடமிருந்தே வரும். முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கக் கலக்கம் கூடும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் நான்காம் நாள் சிகிச்சையை விட்டுவிடுவார்.

அடுத்தது பூட்சினின் விதிகள். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்க வேண்டும். படுக்கை தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடம் போக வேண்டும், தூக்கம் திரும்ப வந்தால்தான் வந்து படுக்க வேண்டும், எத்தனை முறை ஆனாலும். தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், பகல் தூக்கம் கூடாது. பாடப்புத்தகம் 'படுக்கையறையை விட்டு வெளியே போங்கள்' என்று எழுதும். நம் பக்கத்துப் பல வீடுகளில் படுக்கையறை என்று தனியாக ஒன்று கிடையாது. ஹாலில் ஐந்து பேர் வரிசையாகப் படுத்திருப்பார்கள். மே மாத வெக்கையில் மொட்டைமாடிக்குக் குடிபெயர்ந்திருப்பார்கள்.

அதனால் இங்கே மூளைக்கு அடையாளமாக இருப்பது அறை அல்ல, பாயும் தலையணையும்தான். எங்கள் விதி இப்படி: எழுந்தால் பாயைச் சுருட்டி சுவரோரம் வைத்துவிட வேண்டும். பாயை விரித்துவைத்துவிட்டு அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது கணக்கில் சேராது. எங்கே போய் உட்காருவது என்பதையும் பகலிலேயே முடிவு செய்ய வேண்டும். அக்கா அடுக்களை வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார், ஜீரோ வாட்ஸ் பல்ப் வெளிச்சம், உரிக்க வேண்டிய பூண்டு. போன் இல்லை. கால் மணி, இருபது நிமிடம் ஆகியும் தூங்கவில்லை என்று தோன்றினால் எழ வேண்டும். இந்த நேரத்தை மனசால் மதிப்பிடச் சொல்லுங்கள். நிமிடம் சொல்லிக்கொடுத்தால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள், அதுவே தூக்கத்தை விரட்டும்.

இரண்டு முறைகளும் மோதுகிற இடம் நள்ளிரவு 12 மணி. சீட்டில் 12 என்று இருக்கிறது, கண்ணில் தூக்கம் இல்லை. படுக்கலாமா? கூடாது. 12 என்பது அதற்கு முன் படுக்காதே என்ற எல்லை மட்டும்தான். அதற்குப் பிறகு தூக்கம் வந்த நேரமே படுக்கும் நேரம், அது பன்னிரண்டே முக்கால் ஆனாலும் சரி. எழும் நேரம் மட்டும் 5:30, அது அசையாது. மாறாக, பத்தரைக்கே கண் சொக்கினால்? அப்போதும் படுக்கக் கூடாது. எழுந்து நடக்கலாம், முகம் கழுவலாம், நாளைக்குக் காய் நறுக்கலாம். 'தூக்கம் வந்தால் படு' என்ற பூட்சின் விதியை இந்த எல்லைக்குள் மட்டும் பயன்படுத்துகிறோம் என்று நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், இரண்டு விதிகளில் தனக்குச் சாதகமானதை அன்றன்றைக்கு எடுத்துக்கொள்வார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

இந்த நேரப்படி படுத்த முதல் வாரம் முடிந்து டைரி வந்தது. சராசரித் தூக்கம் 265 நிமிடம், திறன் 80 சதவீதம். தூக்கம் இன்னும் குறைந்துவிட்டதே என்று பயிற்சி மாணவி பதறிப்போய் நேரத்தைக் கூட்டப் பார்த்தார். விதி இது: திறன் 85 அல்லது அதற்கு மேல் இருந்தால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கவிடலாம். 80-க்குக் கீழே போனால் 15 நிமிடம் குறைக்கலாம், 5 மணி நேர அடித்தளத்தைத் தாண்டாமல். நடுவில் இருந்தால் அப்படியே விட வேண்டும். 90-ஐத் தாண்டினால்தான் கூட்டுவேன் என்பவர்களும் உண்டு. எதை வைத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள்.

ஆனால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சுருக்கியும் திறன் 80-லேயே நின்றால் அழுத்தம் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எங்கே என்று கேட்கத் தெரிய வேண்டும். "பகல்ல தூங்குறீங்களா?" என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறினதிலிருந்து இறங்கும் வரை நடப்பதைச் சொல்லச் சொன்னோம். சாயங்காலம் வாலாஜா தாண்டினால் கண் மூடிவிடுமாம். வீட்டுக்கு வந்து சீரியல் பார்க்கும்போது சுவரில் சாய்ந்தபடி இன்னொரு குட்டித் தூக்கம். இரண்டும் அவர் கணக்கில் தூக்கமே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தோழியிடம் எழுப்பிவிடச் சொன்னார், சீரியலை நின்றுகொண்டு துணி மடித்தபடி பார்த்தார். இரண்டாம் வாரம் தூக்கம் 300 நிமிடம், திறன் 91. எல்லை 11:45-க்கு நகர்ந்தது.

தூக்கம் குறையும் அந்த முதல் வாரங்களில் கவனமும் மந்தமாகிறது. ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். தையல் ஊசிக்கு அடியில் விரல் வைக்கிறவரிடம் இதை மறைக்க முடியாது. சென்னை-பெங்களூரு ரோட்டில் லாரி ஓட்டுகிறவருக்கு நான் இந்த முறையைத் தொடங்கமாட்டேன். வலிப்பு உள்ளவர்கள், இருமுனைக் கோளாறு உள்ளவர்கள், தூக்கத்தில் எழுந்து நடப்பவர்கள் ஆகியோருக்குத் தூக்கத்தைக் குறைப்பதே நோயைக் கிளப்பிவிடலாம். பலத்த குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் முதலில் அதற்கான பரிசோதனை. தள்ளாடும் முதியவரை நடு இரவில் எழுந்து போகச் சொல்வது இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். மாத்திரை சாப்பிட்டுப் பழகியவர்கள் இதைத் தொடங்கிய கையோடு அதைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் பார்த்து மெதுவாகக் குறைக்க வேண்டும்.

அக்காவின் எல்லை வாரம் ஒரு படியாக 11:30, 11:15, 11 என்று முன்னே வந்தது. 11 மணியில் 390 நிமிடப் படுக்கை, 350 நிமிடத் தூக்கம், திறன் 90. அடுத்த வாரம் 10:45 கொடுத்துப் பார்த்தோம். தூக்கம் கூடவில்லை, 340-க்கு இறங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வது மறுபடி தலைகாட்டியது, திறன் 84-க்கு வந்தது. படுக்கையை நீட்டியும் தூக்கம் நீளவில்லை என்றால் அவருக்கு வேண்டிய அளவு வந்துவிட்டது. எட்டு மணி நேரம் வரவில்லையே என்று அவரும் கேட்டார், மாணவியும் கேட்டார். பகலில் சோர்வு இல்லை, பஸ்ஸில் கண் மூடுவதில்லை. எல்லையை மறுபடி 11-க்கே வைத்துவிட்டோம்.