பாதியைத் தாண்டாதது பியர்சிங் லைன் அல்ல

சென்ற வாரம் வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர் மொபைலை நீட்டினார். “சார், பக்காவான பியர்சிங் லைன். வாங்கினேன், ரெண்டே நாள்ல விழுந்துடுச்சு. பேட்டர்ன் எல்லாம் இப்ப வேலை செய்யறதில்லையா?” என்று கேட்டார். இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்த நான்காவது ஆள் அவர். இறங்கி வந்த பங்கில், ஒரு பெரிய சிவப்பு கேண்டிலுக்கு மறுநாள் கீழே திறந்து, அந்தச் சிவப்பு பாடியின் பாதியைத் தாண்டி முடியும் பச்சை கேண்டில்தான் பியர்சிங் லைன்; இறக்கம் திரும்பலாம் என்பதற்கான அடையாளம். நான்கு பேர் காட்டிய சார்ட்டிலும் அது இல்லவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். பங்கின் பெயர் வேண்டாம், எண்கள் போதும். சில வாரங்களாக இறங்கிக்கொண்டிருந்த பங்கு. முதல் நாள் 520-ல் திறந்து, 524 வரை ஏறி, 484 வரை இறங்கி, 496-ல் முடிந்தது. பெரிய சிவப்பு கேண்டில். மறுநாள் கேப் டவுனாக 482-ல் திறந்து, 479-ஐத் தொட்டுத் திரும்பி, 511 வரை போய், 505-ல் முடிந்தது. பார்த்தால் நீளமான பச்சை கேண்டில்தான். முதல் நாளின் லோவுக்குக் கீழே திறந்திருக்கிறது, அதுவும் சரி. அப்புறம் எங்கே பிசகு?

அவர் 524-க்கும் 484-க்கும் நடுப்புள்ளியை எடுத்திருந்தார். அது 504. குளோஸ் 505 என்பதால் பாதியைத் தாண்டிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். ஐயா, அளக்க வேண்டியது ஹை–லோவை அல்ல, பாடியை. திறந்த விலைக்கும் முடிந்த விலைக்கும் இடையில் உள்ள தூரம் மட்டும்தான் பாடி. மேலும் கீழும் நீளும் விக் இந்தக் கணக்கில் சேராது. 520-க்கும் 496-க்கும் நடுப்புள்ளி 508. குளோஸ் அதற்கு மூன்று ரூபாய் கீழே நின்றுவிட்டது.

எவ்வளவு ஊடுருவியது என்பதை இப்படிப் பார்க்க வேண்டும்:

```
(C2 - C1) / (O1 - C1)
(505 - 496) / (520 - 496) = 9 / 24 = 37.5%
```

O1, C1 முதல் நாளின் திறப்பும் முடிவும். C2 இரண்டாம் நாள் முடிவு. இதன் தலைகீழாக, ஏறி வந்த பங்கின் உச்சியில் வரும் டார்க் கிளவுட் கவருக்கு இதையே திருப்பிப் போட்டு (C1 - C2) / (C1 - O1).

கண்ணை ஏமாற்றுவது அந்தப் பச்சை கேண்டிலின் நீளம். 482-லிருந்து 505 வரை 23 ரூபாய். முந்தைய நாளின் சிவப்பு பாடி 24 ரூபாய். கிட்டத்தட்ட சமமாகத் தெரிகிறதே என்று மனம் சொல்லும். ஆனால் அந்த 23-ல் 14 ரூபாய் காலையில் விழுந்த கேப்பை அடைக்கவே செலவாகிவிட்டது. எதிரியின் எல்லைக்குள் போனது ஒன்பது ரூபாய்தான். எத்தனை முறை சொன்னாலும் பச்சையின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது கேண்டில் எவ்வளவு பெரியது என்பதல்ல கேள்வி, முதல் கேண்டிலின் பாடிக்குள் எவ்வளவு தூரம் போய் முடிந்தது என்பதுதான்.

ஏன் பாதி? முதல் நாள் பாடியின் கீழ்ப்பாதியில் விற்றவர்கள், விலை நடுவைத் தாண்டி முடிந்தால் நஷ்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் ஷார்ட் போட்டவர்கள் திரும்ப வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த வாங்கல்தான் மூன்றாம் நாள் ஏற்றத்துக்குத் தீனி. பாதிக்குக் கீழே நின்றுவிட்டால் நேற்று விற்றவர்களில் பலர் இன்னும் வசதியாகவே இருக்கிறார்கள். ஏறியதைப் பயன்படுத்தி மறுபடி விற்பார்கள். அதனால்தான் பாதியை எட்டாத வகைகளுக்கு ஆன் நெக், இன் நெக், த்ரஸ்டிங் என்று தனிப் பெயரே இருக்கிறது. பாரம்பரிய விளக்கத்தில் மூன்றும் இறக்கம் தொடரும் என்பதற்கான அடையாளங்கள். தம்பி வாங்கியது த்ரஸ்டிங் லைனை.

இதற்காக 49 சதவீதம் குப்பை, 51 சதவீதம் தங்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி என்பது வாசல்படி. அறுபது, எழுபது என்று ஆழம் கூடக் கூட நம்பிக்கை கூடும். முழு பாடியையும் விழுங்கிவிட்டால் அது எங்கல்ஃபிங். லோவுக்குக் கீழே திறக்காமல் முந்தைய குளோஸுக்குக் கீழே மட்டும் திறந்தால், குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஊடுருவலாவது இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

ஆழத்துக்கு ஒரு விலையும் உண்டு. அந்தப் பங்கு 509-ல் முடிந்திருந்தால் உண்மையான பியர்சிங் லைன்தான். ஸ்டாப் லாஸ் இரண்டாம் நாள் லோவுக்குக் கீழே, 478. அதாவது 31 ரூபாய் ரிஸ்க். மேலே 525-ல் பழைய தடை நிற்கிறது என்றால் கிடைக்கக்கூடியது 16 ரூபாய். பேட்டர்ன் சரி, ட்ரேட் சரியில்லை. விலை 495 பக்கம் இறங்கி நின்றால் ரிஸ்க் 17, லாபம் 30. அந்த இறக்கம் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

தம்பி செய்த இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். அவர் வாங்கியது மதியம் 2.40-க்கு, 510-ல். அப்போது விலை 508-க்கு மேலேதான் இருந்தது. ஆனால் கேண்டில் இன்னும் முடியவில்லை! சந்தை முடியும் வரை அது பியர்சிங் லைன் ஆகலாம் என்ற நிலையில் இருக்கும் கேண்டில், அவ்வளவுதான். ஸ்டாப் லாஸும் போடவில்லை. 300 பங்கு, இரண்டு நாளில் 471. பதினோராயிரத்து எழுநூறு ரூபாய் போனது. 478-ல் ஸ்டாப் இருந்திருந்தால் நஷ்டம் பத்தாயிரத்தை ஒட்டி நின்றிருக்கும். காத்திருந்தால் நஷ்டமே இல்லை.

டார்க் கிளவுட் கவர் பக்கம் வருவோம். இங்கே பதற்றத்தில் கையில் இருப்பதை விற்றுவிடுகிறார்கள். 800-ல் திறந்து 840-ல் முடிந்த பச்சை கேண்டில், மறுநாள் ஹைக்கு மேலே 852-ல் திறந்து 826-ல் முடிகிறது. 26 ரூபாய் சிவப்பு பயமுறுத்தும். ஊடுருவல் 40-ல் 14, அதாவது 35 சதவீதம். இதற்கு நான் விற்க மாட்டேன். ஸ்டாப் லாஸை மட்டும் இரண்டாம் நாள் லோவுக்குக் கீழே ஏற்றி வைத்துவிட்டு மூன்றாம் நாள் குளோஸைப் பார்ப்பேன். உச்சியில் பாதியை எட்டாதவற்றுக்குத் தனிப் பெயர்கள் இல்லை; மூன்றாம் நாள் உறுதிப்படுத்தினால் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் உண்டு. பியர்சிங் லைனில் அந்தச் சலுகை வேண்டாம்.

ஸ்கேனர் காட்டியதே என்று சிலர் வாதாடுகிறார்கள். பேட்டர்ன்களைக் கண்டுபிடிக்கப் பலரும் பயன்படுத்தும் TA-Lib என்ற மென்பொருள் நூலகத்தைப் பாருங்கள். CDLDARKCLOUDCOVER-ல் penetration என்ற அளவை மாற்றலாம். யாராவது அதை 0.3 என்று வைத்திருந்தால் முப்பது சதவீதமும் சிக்னலாக வரும். CDLPIERCING-ல் பாதி என்பது உள்ளேயே நிலையாக இருக்கிறது. ஆனால் இரண்டுமே முன்னால் ட்ரெண்ட் இருந்ததா என்று பார்ப்பதில்லை. பக்கவாட்டில் அலையும் பங்கில் வந்த பியர்சிங் லைன் எதைத் திருப்பப் போகிறது? ஐந்து நிமிட சார்ட்டில் தேடுவதையும் தயவுசெய்து விடுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு கேண்டில் முடிந்த விலையை ஒட்டியே அடுத்தது திறக்கும். கேப்பே இல்லாத இடத்தில் இந்தக் கதை நடக்காது.

அடுத்த முறை எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புபவர்கள், படத்துக்குக் கீழே O1, C1, O2, C2 என்று நான்கு விலையையும், வகுத்து வந்த சதவீதத்தையும் எழுதி அனுப்புங்கள். வாங்குவதற்கு முன்னால் அனுப்புங்கள், சந்தை முடிந்த பிறகு.